வண்டிப்பாதை போட நிலத்தின் கரடுமுரடைக் கணக்கிடுவது: சரிவை ஒதுக்கி, உடைந்த நிலத்தை மட்டும் பிரித்தெடுக்கும் முறை

டிராக்டரும் டிரெய்லரும் போய்வர ஒரு பாதை தேவை. கையில் உயரத் தரவு இருக்கிறது. எது சமமான நிலம், எது மேடும் பள்ளமுமாக உடைந்து கிடக்கும் நிலம் என்று பிரித்துக்கொண்டு பாதையின் போக்கை முடிவு செய்ய வேண்டும். இதற்கு டிஆர்ஐ என்ற கரடுமுரடுக் குறியீட்டைப் பலரும் எடுக்கிறார்கள். கணக்குப் போட ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் வருகிற எண்ணை அப்படியே நம்பிப் பாதை வரைந்தால் நல்ல நிலத்தை ஒதுக்கிவிட்டு ஓடைப் பள்ளத்துக்குள் போய் இறங்க வாய்ப்பு உண்டு. அது ஏன் நடக்கிறது என்பதில் இருந்தே தொடங்கலாம்.

## 1. குறியீடு எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள்

ரைலியும் அவருடன் எழுதியவர்களும் 1999-இல் கொடுத்த வரையறை எளிமையானது. உயரத் தரவு சதுரக் கட்டங்களாக இருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். ஒரு செல்லின் உயரத்தை அதைச் சுற்றியுள்ள எட்டுச் செல்களின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். எட்டு வித்தியாசங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். விடை மீட்டரில் வரும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மேசைப் பலகையைச் சாய்த்து வைத்தாலும் அதன் மேற்பரப்பு வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் அதற்குப் பூஜ்யம் வராது. 10 மீட்டர் செல்லில் 8% சீரான சரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லுக்கு 0.8 மீட்டர் ஏற்றம். ஒரு பக்கத்து மூன்று செல்கள் 0.8 மேலே, எதிர்ப்பக்கத்து மூன்று 0.8 கீழே, மீதி இரண்டும் அதே உயரம். 0.64-ஐ ஆறு மடங்காக்கினால் 3.84, அதன் வர்க்கமூலம் 1.96.

இப்போது அதே செல் அளவில் வேறொரு இடம்:

```
52.4  50.9  52.3
51.1  52.0  52.6
52.5  51.0  51.9
```

நடுச்செல் 52.0. வித்தியாசங்கள் வரிசையாக 0.4, −1.1, 0.3, −0.9, 0.6, 0.5, −1.0, −0.1. வர்க்கங்களின் கூட்டல் 3.89, வர்க்கமூலம் 1.97. ஏறக்குறைய அதே எண். ஆனால் இந்த இடம் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்டச் சமம்தான், சராசரிச் சரிவு 1.4% மட்டும். குண்டும் குழியுமாகக் கிடப்பதால்தான் எண் ஏறியிருக்கிறது.

முதல் இடத்தில் வண்டி தாராளமாக ஏறும். இரண்டாவது இடத்தில் மண் வெட்டி நிரப்பாமல் போக முடியாது. குறியீட்டுக்கோ இரண்டும் ஒன்று. அதனால் பாதைக்கென்று கணக்கிடும்போது சரிவினால் வந்த பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆறாவது படியில் அதைச் செய்யப் போகிறோம். அதற்கு முந்தைய படிகளில் எதையாவது விட்டுவிட்டால் அந்தக் கழித்தலும் பயன்தராது.

## 2. வெறும் தரையைக் காட்டும் தரவை எடுங்கள்

உயரத் தரவில் இரண்டு வகை உண்டு: மரம், கட்டடம் எல்லாம் நீக்கிய தரைமட்டம் ஒன்று, மேலே தெரிகிற பரப்பை அப்படியே பதிந்தது மற்றொன்று. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் இரண்டும் பின்னதோடு சேர்த்தி. அவற்றில் தோப்பின் ஓரம் ஒரு செங்குத்துச் சுவர் மாதிரி நிற்கும். குறியீடு அதை உடைந்த நிலம் என்று சொல்லும். உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது: குறியீட்டுப் படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். கரடுமுரடான கோடுகள் தோப்பின் எல்லையோடு அச்சாகப் பொருந்தினால் நீங்கள் அளந்தது மரத்தை.

லேசர் ஒளியால் அளந்த லைடார் தரைமட்டத் தரவு கிடைத்தால் அதுதான் சிறந்தது. டிரோன் படங்களிலிருந்து செய்த பரப்பும் உதவும், ஆனால் பயிர் நிற்காத காலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்ஆர்டிஎம் போன்ற சில தரவுகளில் உயரம் முழு எண்ணாக, மீட்டர் மீட்டராகத்தான் இருக்கும். தட்டையான நிலத்தில் 61 முடிந்து 62 தொடங்கும் இடத்தில் இல்லாத ஒரு படி உருவாகிறது. அந்தப் படியின் ஓரத்தில் மூன்று செல்கள் 1 மீட்டர் வேறுபடுவதால் குறியீடு 1.73 என்று காட்டும். சரிவைக் கழித்தாலும் 1.22 மிஞ்சும். சமவெளியில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். இப்படிப்பட்ட தரவை வைத்துத் தட்டையான நிலத்துக்குள் நுணுக்கமாகப் பிரிக்க முயல வேண்டாம்.

## 3. செல் அளவை வண்டிக்கு ஏற்றபடி முடிவு செய்யுங்கள்

குறியீடு பார்ப்பது மூன்றுக்கு மூன்று செல்களை மட்டும். அதனால் செல் அளவை மாற்றினால் அளக்கிற பொருளே மாறிவிடும். 1 மீட்டர் செல்லில் உழவுச் சாலும் வரப்பும் பெரிய கரடாகத் தெரியும். 30 மீட்டர் செல்லில் நான்கைந்து மீட்டர் அகல ஓடைப் பள்ளம் காணாமலே போகும், வண்டியைக் கவிழ்க்கப் போவது அதுதான் என்றாலும்.

வண்டிப்பாதைக்கு 5 மீட்டர் நல்ல இடைநிலை. பாதையின் அகலம் ஒரு செல்லுக்குள் அடங்கும், சின்னச் சால்கள் சராசரியில் கரைந்துவிடும், கடக்கக் கடினமான பள்ளம் தங்கும். லைடார் 1 மீட்டரில் இருந்தால் அதைச் சராசரி எடுத்து 5 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள்.

இதைத் திருப்பிச் செய்யக் கூடாது. 30 மீட்டர் தரவை 5 மீட்டராக நறுக்கினால் விவரம் கூடாது. இடைப்பட்ட உயரங்கள் வழவழப்பாக நிரப்பப்படுவதால் எல்லா இடமும் சமமாகிவிட்ட மாதிரி தெரியும். புதிதாகச் செய்பவர்கள் அந்த அழகான படத்தைப் பார்த்து ஏமாறுவது சகஜம்.

## 4. கணக்குக்கு முன் தரவைத் தயார் செய்யுங்கள்

பாகையில் இருக்கும் தரவை மீட்டருக்கு, அதாவது உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு மாற்றுங்கள். குறியீட்டுச் சூத்திரத்தில் கிடைமட்டத் தூரம் வராது என்பது உண்மைதான். ஆனால் பாகையில் இருக்கும் செல் தரையில் சதுரமாக இருக்காது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகக் கிழக்கு மேற்கு அளவு சுருங்கும். அப்போது ஒரே பள்ளம், ஓடும் திசையைப் பொறுத்து வேறு வேறு எண் காட்டும்.

```
gdalwarp -t_srs EPSG:32644 -tr 5 5 -r average \
  -srcnodata -9999 -dstnodata -9999 -ot Float32 dtm1.tif dem5.tif
```

`EPSG:32644` இருக்கும் இடத்தில் உங்கள் மண்டலத்தின் எண்ணைப் போடுங்கள். `-r` என்பதை விட்டுவிடக் கூடாது. விட்டால் `gdalwarp` அருகிலுள்ள செல்லின் மதிப்பை அப்படியே நகலெடுக்கும், சில வரிசைகள் இரண்டு முறை வரும். உயரப் படத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குறியீட்டுப் படத்தில் கட்டம் போட்ட துணி மாதிரி நேர்க்கோடுகள் ஓடும். செல் அளவு ஏறக்குறைய அதேதான், ஆயத்தொலைவு முறை மட்டும் மாறுகிறது என்றால் `average` இருக்கும் இடத்தில் `bilinear` போடலாம்.

தரவு இல்லாத செல்லுக்கு −9999 என்று இருந்து, அது அறிவிக்கப்படாமல் போனால் அந்த ஓரத்தில் குறியீடு பத்தாயிரக்கணக்கில் ஏறும். குறியீட்டுப் படத்துக்கு `gdalinfo -stats` கொடுத்து உச்ச மதிப்பைப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

நிலத்தின் எல்லையோடு ஒட்ட வெட்டாதீர்கள். ஓரச் செல்லுக்கு எட்டு அண்டை செல்கள் இருக்காது, விடையும் வராது. சுற்றி 50 மீட்டராவது கூடுதலாக வைத்துக் கணக்கிட்டு, கடைசியில் வெட்டுங்கள்.

அப்புறம், நீரோட்டக் கணக்குச் செய்து பழகியவர்கள் கை வாக்கில் பள்ளங்களை நிரப்பிவிடுவார்கள். இங்கே அது வேண்டாம். நிரப்பிய பள்ளம் தட்டைத் தரையாகிவிடும்; நாம் தேடுவதே அந்தப் பள்ளத்தைத்தானே.

## 5. குறியீட்டையும் சரிவையும் எடுங்கள்

```
gdaldem TRI dem5.tif tri.tif -alg Riley
gdaldem slope dem5.tif slope.tif -p
```

`-alg Riley` என்று எழுதிவிடுவது நல்லது. வில்சன் முறை என்று இன்னொன்று இருக்கிறது. அது கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு எட்டு வித்தியாசங்களின் சராசரியை எடுக்கும், வர்க்கப்படுத்தாது. அதே சீரான சரிவுக்கு ரைலி முறை செல் ஏற்றத்தின் 2.45 மடங்கைத் தரும், சரிவு அச்சுத் திசையில் இருந்தால் வில்சன் முறை 0.75 மடங்கைத் தரும். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தக் கட்டளைகளைத் தரும் GDAL மென்பொருளின் 3.3-க்கு முந்தைய பதிப்புகளில் வில்சன் மட்டும்தான் இருந்தது. பழைய கணினியில் ஒருவரும் புதியதில் ஒருவரும் கணக்கிட்டு, இருவரும் ஒரே எல்லை மதிப்பைப் பயன்படுத்தினால் படங்கள் ஒத்துப்போகாது.

## 6. சரிவின் பங்கைக் கழியுங்கள்

எட்டு அண்டை செல்களுக்கும் நடுச்செல் வழியாகப் பொருந்தும் ஒரு சாய்தளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளம் எவ்வளவு வர்க்கக் கூட்டலைத் தருமோ அதை மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடைசல் மட்டும். சாய்வு எந்தத் திசையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

```python
import numpy as np, rasterio
with rasterio.open("dem5.tif") as s:
    z = s.read(1, masked=True).astype("float64").filled(np.nan)
    p = s.profile
ss, gx, gy = (np.zeros_like(z) for _ in range(3))
for dy in (-1, 0, 1):
    for dx in (-1, 0, 1):
        d = np.roll(z, (-dy, -dx), (0, 1)) - z
        ss += d*d; gx += d*dx; gy += d*dy
res = np.sqrt(np.maximum(ss - (gx**2 + gy**2)/6, 0))
res[[0, -1], :] = np.nan
res[:, [0, -1]] = np.nan
res = np.where(np.isnan(res), -9999, res)
p.update(dtype="float32", nodata=-9999)
with rasterio.open("tri_res.tif", "w", **p) as o:
    o.write(res.astype("float32"), 1)
```

முதல் படியில் பார்த்த இரண்டு இடங்களையும் இதில் போட்டுப் பாருங்கள். 8% சரிவுக்கு மிச்சம் பூஜ்யம். குண்டும் குழியுமான இடத்தில் வலப்பக்கக் கூட்டல் 0.8, இடப்பக்கம் 0, கீழ்ப்பக்கம் −0.6, மேல்பக்கம் −0.4. ஆக `gx` 0.8, `gy` −0.2. வர்க்கங்களின் கூட்டலை 6-ஆல் வகுத்தால் 0.11. 3.89-இலிருந்து அதைக் கழித்தால் 3.78, வர்க்கமூலம் 1.94. ஒரே எண்ணாகத் தெரிந்த இரண்டு நிலங்களும் இப்போது 0 என்றும் 1.94 என்றும் பிரிந்துவிட்டன.

`gdaldem slope` கொடுத்த சரிவை வைத்தே கழித்துவிடலாமே என்று தோன்றும். அது இயல்பாக நேர் அண்டை செல்களுக்கு அதிக எடை கொடுக்கும் ஹார்ன் முறையில் கணக்கிடுகிறது. அதனால் சில இடங்களில் கழித்தல் எதிர்மறையாகப் போகும். மேலே உள்ளபடி எட்டுக்கும் சம எடை கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த மிச்சத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 40 மீட்டர் அகலத்தில், கரைகள் சீராக இறங்கும் பெரிய பள்ளத்தாக்கு இதில் உடைந்த நிலமாக வராது. கரை மடியும் கோடுகள் மட்டும் தெரியும். அதைப் பிடிப்பது சரிவுப் படத்தின் வேலை. ஆகவே இரண்டு படங்களையும் கடைசி வரை கூடவே வைத்திருங்கள்.

## 7. எல்லை மதிப்பை உங்கள் நிலத்திலிருந்தே எடுங்கள்

ரைலி கொடுத்த வகைப்பாட்டு அட்டவணை எல்லா இடத்திலும் நகலெடுக்கப்படுகிறது: 80 மீட்டர் வரை சமநிலம், 116 வரை ஏறக்குறையச் சமம் என்று போகும். அது 1 கிலோமீட்டர் செல்லுக்குப் போட்டது. 5 மீட்டர் செல்லில் 80 வர வேண்டுமானால் செங்குத்துப் பாறைதான் வேண்டும். அந்த அட்டவணையைப் போட்டால் படம் முழுவதும் ஒரே நிறமாக வரும்.

தொடக்க மதிப்பை இப்படிப் பெறலாம். மிச்சத்தை எட்டின் வர்க்கமூலமான 2.83-ஆல் வகுத்தால், ஓர் அண்டை செல் அந்தச் சாய்தளத்திலிருந்து தோராயமாக எவ்வளவு விலகுகிறது என்று கிடைக்கும். அடுத்தடுத்த செல்லுக்கு 15 சென்டிமீட்டர் விலகல் வரை சுமை வண்டி தாங்கும் என்று நினைத்தால் 0.15 × 2.83, அதாவது 0.42. வண்டி தாழ்வானது, சுமை உயரமானது என்றால் இன்னும் குறையுங்கள்.

அதோடு நிறுத்தாமல், நிலத்தை நன்றாகத் தெரிந்தவரிடம் இரண்டு வகை இடங்களைப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்: மழை இல்லாத நாளில் யோசிக்காமல் வண்டி ஓட்டும் இடங்கள், எந்த நாளிலும் ஓட்டாத இடங்கள். இரண்டிலும் மிச்ச மதிப்புகளை வாசியுங்கள். முதல் வகையில் பெரும்பாலானவை 0.2-க்குள்ளும் இரண்டாவது வகை 0.5-க்கு மேலும் விழுந்தால் 0.42 சரியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் எல்லை மதிப்பை நகர்த்திப் பயனில்லை. செல் அளவோ தரவோ பொருந்தவில்லை, மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

```
gdal_calc.py -A tri_res.tif --outfile=class.tif --type=Byte \
  --calc="1+(A>0.2)+(A>0.42)"
```

1 சமம், 3 உடைந்தது, 2 சந்தேகத்துக்குரியது. நடுவில் ஒரு வகையை விட்டுவைப்பது நல்லது. நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களில் பாதி அங்கேதான் இருக்கும்.

## 8. துணுக்குகளை நீக்கும்போது ஓடையை அழித்துவிடாதீர்கள்

வகைப்படுத்திய படம் மிளகு தூவியது மாதிரி இருக்கும். தனித்தனியாகக் கிடக்கும் ஓரிரு செல்களைச் சுற்றியுள்ள வகையோடு சேர்த்துவிடலாம்:

```
gdal_sieve.py -st 4 -8 class.tif class_s.tif
```

`-8` முக்கியம். குறுக்காக ஓடும் ஒல்லியான பள்ளத்தின் செல்கள் மூலையோடு மூலைதான் தொட்டுக்கொண்டிருக்கும். இது இல்லாவிட்டால் கருவி ஒவ்வொன்றையும் தனித் துணுக்காக எண்ணிப் பள்ளம் முழுவதையும் துடைத்துவிடும். `-st` மதிப்பையும் ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள். நீக்கியதற்கு முன்னும் பின்னும் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கோடாக இருந்தது ஏதாவது காணாமல் போயிருந்தால் மதிப்பைக் குறையுங்கள்.

பள்ளம் படத்தில் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தட்டையான தரையில் ஒரு செல் அகலத்தில், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராக ஒரு பள்ளம் ஓடுகிறது என்றால் அதன் நடுவில் மிச்சம் 0.73, இரு பக்கத்துச் செல்களிலும் 0.37. உடைந்த வகையில் ஒரு செல் மட்டும் விழும். அதே பள்ளம் 60 சென்டிமீட்டர் ஆழமாக இருந்தால் பக்கத்துச் செல்கள் 0.73 ஆகி அவையும் உடைந்த வகைக்குப் போகும். 5 மீட்டர் பள்ளம் படத்தில் 15 மீட்டராகும். படத்தில் அகலம் கூடியிருப்பது பெரும்பாலும் ஆழத்தைத்தான் சொல்கிறது.

## 9. செலவு எண்ணை மண்வேலையிலிருந்து எடுங்கள்

பாதை தேடும் கருவிக்கு ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு செலவு வேண்டும். சமத்துக்கு 1 என்று வைத்தால் உடைந்ததற்கு எவ்வளவு? இந்த இடத்தில் பலரும் 5 அல்லது 10 என்று வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள். விளைவைப் பாருங்கள். நேர்வழி 600 மீட்டர், அதில் 75 மீட்டர் உடைந்த நிலம். சுற்றுவழி 760 மீட்டர், முழுவதும் சமம். 5 மீட்டர் செல்லில் நேர்வழிக்கு 105 சமச் செல்லும் 15 உடைந்த செல்லும். சுற்றுவழிக்கு 152 செல். உடைந்ததற்கு 3 என்றால் நேர்வழி 150, அதுவே ஜெயிக்கும். 4 என்றால் 165, சுற்றுவழிக்குப் போய்விடும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பாதையே மாறுகிறது.

அதனால் கேள்வியை இப்படி வையுங்கள்: உடைந்த நிலத்தில் 1 மீட்டர் பாதை போட ஆகும் வெட்டல், நிரப்பல், குழாய் வேலைக்கு, சமநிலத்தில் எத்தனை மீட்டர் போடலாம்? மண் வேலை செய்பவரிடம் கேட்டால் ஒரு தோராய எண் கிடைக்கும். அதுதான் செலவு எண். உடைந்ததை முற்றிலும் கடக்க முடியாததாக அடைத்துவிட வேண்டாம்; நிலம் முழுக்க ஓடை குறுக்கே ஓடினால் கருவி பாதையே இல்லை என்று சொல்லிவிடும்.

சரிவின் செலவைத் தனியாகச் சேருங்கள். வழவழப்பான சரிவில் பாதையைக் குறுக்காக வளைத்து ஏற்றத்தைக் குறைக்கலாம். உடைந்த நிலத்தில் எப்படி வளைத்தாலும் உடைசல் அப்படியேதான் இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் இவ்வளவு நேரம் பிரித்தது வீண்.

GRASS என்ற இலவச மென்பொருளில் `r.cost`, அதன்பின் `r.path` இதைச் செய்யும். `r.cost`-க்கு `-k` கொடுத்தால் திரும்பும் திசைகள் கூடும், கோணல் குறையும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: மூலையோடு மூலை தொடும் உடைந்த செல்களுக்கு நடுவே பாதை குறுக்காக நழுவி, எதுவும் செலவழிக்காமல் பள்ளத்தைத் தாண்டிவிடும். பாதை ஓடையைக் கடக்கிறது, ஆனால் கடக்கும் இடத்தில் செலவு 1 என்றே இருக்கிறது என்றால் இதுதான் நடந்திருக்கிறது. உடைந்த வகையை `r.grow` கொண்டு ஒரு செல் பருக்க வைத்தால் இடைவெளி அடைபடும். அதன்பின் கடக்கும் தூரம் படத்தில் கூடுதலாகத் தெரியும் என்பதையும் செலவு எண் வைக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

## 10. நேரில் எந்த இடங்களைப் பார்ப்பது

வந்த பாதை முழுவதையும் நடக்க நேரம் இல்லையென்றால் மூன்று வகை இடங்களுக்குப் போனால் போதும். பாதை உடைந்த கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு இடமும் முதலாவது. சந்தேக வகையில் 20 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓடும் பகுதி இரண்டாவது. அங்கே பெரும்பாலும் வரப்போ பழைய கல் குவியலோ இருக்கும். வரப்பு என்றால் ஒரு வாய் திறந்தால் சரி, அதற்காகப் பாதையைத் திருப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது, மிச்சம் ஏறக்குறையப் பூஜ்யமாக இருக்கும் மிகத் தட்டையான பகுதி. குறியீட்டுக்கு மண் என்னவென்று தெரியாது. தண்ணீர் தேங்கும் களிமண் தாழ்வு இந்தப் படத்தில் இருப்பதிலேயே சிறந்த நிலமாகத் தெரியும், கருவியும் பாதையை நேராக அதற்குள் இழுத்துக்கொண்டு போகும். சரிவு 1%-க்கும் குறைந்து சுற்றிலும் தரை உயர்ந்திருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். கால் புதைந்தால் அந்தச் செல்களுக்குக் கையால் தனிச் செலவு போட்டு ஒன்பதாவது படியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.